சோபா மாறட்டும், ஜன்னல் நகர வேண்டாம்

வீட்டு ஹாலை ஒரு படம் எடுத்து, படம் வரையும் ஏஐ செயலியில் ஏற்றி, “இதை மாடர்னாக மாற்று” என்று கேட்டால் சில நொடிகளில் பதில் வந்துவிடும். புது சோபா, புதுச் சுவர் நிறம், மூலையில் ஒரு செடி. முதல் பார்வைக்கு அசத்தலாக இருக்கும். கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால்தான் குழப்பம் தொடங்கும். ஜன்னலில் இருந்த கம்பி இல்லை. சீலிங் ஃபேன் இருந்த இடத்தில் கொத்து விளக்கு தொங்குகிறது. டைல்ஸ் தரை மரத்தரையாகிவிட்டது. பத்தடி அகல ஹால் கல்யாண மண்டபம் மாதிரி விரிந்திருக்கிறது. சமையலறைக்குப் போகும் வாசலைச் சுவர் விழுங்கிவிட்டது.

வந்திருப்பது அழகான அறைதான். ஆனால் அது அந்த வீட்டு அறை அல்ல. சோபா வாங்குவதற்கு முன் எப்படி இருக்கும் என்று பார்க்க நினைத்தவருக்கு அந்தப் படத்தால் பயன் எதுவும் இல்லை. அறையின் அமைப்பு அப்படியே நிற்க வேண்டும், சாமான்களும் நிறமும் மட்டும் மாற வேண்டும் என்றால், கருவி படத்தை எப்படிப் பார்க்கிறது என்பது கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்தால் என்ன எழுத வேண்டும் என்பது தானாகப் பிடிபடும்.

ஒரு பொதுவான ஹாலை எடுத்துக்கொள்வோம். சென்னைப் புறநகர் அடுக்குமாடியில் ஆயிரக்கணக்கில் இருக்கும் வகை. அகலம் 10 அடி, நீளம் 14 அடி. தரையில் 2 அடிக்கு 2 அடி வெள்ளை டைல்ஸ். இடப்பக்கச் சுவரை ஒட்டி மூன்று பேர் உட்காரும் பழுப்பு ரெக்சின் சோபா. வலப்பக்கம் டிவி ஸ்டாண்டு. எதிர்ச்சுவரில் இரும்புக் கம்பி போட்ட ஜன்னல். வலப்பக்கச் சுவரின் கோடியில் சமையலறை வாசல், அதற்கு மேலே பரண். கூரை நடுவில் ஃபேன். வீட்டாரின் ஆசை எளிமையானது: ரெக்சின் சோபாவுக்குப் பதிலாகப் பிரம்பு சோபா, தேக்கு நிற டிவி ஸ்டாண்டு, சுவருக்கு வெளிறிய பச்சை.

2022 ஆகஸ்டில் வெளியான ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற கருவிகள் இந்த வேலையை ஒரு விசித்திரமான வழியில் செய்கின்றன. கொடுத்த படத்தின்மேல் முதலில் புள்ளி புள்ளியாக இரைச்சலைத் தூவிக் கலங்கடிக்கின்றன. பிறகு நாம் எழுதிய சொற்களைத் துணையாகக் கொண்டு, படிப்படியாக அந்த இரைச்சலை நீக்கிப் புதுப் படத்தை எடுக்கின்றன. எவ்வளவு கலங்கடிப்பது என்பதைத் தீர்மானிக்கும் திருகு ஒன்று உண்டு. திரையில் அதன் பெயர் `Denoising strength`. 0 என்று வைத்தால் படம் மாறவே மாறாது. 1 என்று வைத்தால் மூலப்படம் ஏறக்குறைய முழுவதும் அழிந்து, சொற்கள் மட்டுமே மிஞ்சும். மொத்தம் 50 படிகள் என்று வைத்து இந்த அளவை 0.6 ஆக்கினால், கருவி 30 படிகள் மட்டும் வேலை செய்யும்.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. அளவை 0.3க்கு அருகில் வைத்தால் ஜன்னலும் வாசலும் இருந்த இடத்தில் இருக்கும். ஆனால் கரும்பழுப்பு சோபா கரும்பழுப்பாகவே நிற்கும், பிரம்பு வராது. பிரம்பு வரட்டும் என்று 0.8க்கு ஏற்றினால் பிரம்பு வந்துவிடும், கூடவே ஜன்னல் நகர்ந்துவிடும். காரணம், கலங்கிய படத்துக்குள் நிறமும் இடமும் பிரிந்து கிடப்பதில்லை. ‘இந்த இடத்தில் கருப்பாக ஏதோ இருக்கிறது’ என்ற ஒரே தகவல்தான் அங்கே மிச்சம் இருக்கும். நிறத்தை அழித்தால் இடமும் சேர்ந்து அழியும். எவ்வளவு திறமையாக எழுதினாலும் சொற்களால் மட்டும் இதைத் தீர்க்க முடியாது.

இந்த முடிச்சை அவிழ்த்தது 2023 பிப்ரவரியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட கன்ட்ரோல்நெட். அவர்களின் யோசனை, இடத்தையும் நிறத்தையும் இரண்டு தனித்தனி வழிகளில் கருவிக்குக் கொடுப்பது. மூலப்படத்திலிருந்து அமைப்பை மட்டும் ஒரு வரைபடமாக உரித்து எடுத்து, ‘இதை மீறாதே’ என்று தனியாகக் கொடுத்துவிடுவார்கள். நிறமும் பொருளும் சொற்களுக்கு விடப்படும். அதன் பிறகு இரைச்சலை எவ்வளவு ஏற்றினாலும் ஜன்னல் தன் இடத்தில் நிற்கும்.

அமைப்பை உரிக்கப் பல வழிகள் இருக்கின்றன. அறைகளுக்கு முக்கியமாகப் பயன்படுபவை இரண்டு. ஒன்று, நேர்க்கோடுகளை மட்டும் எடுப்பது. எம்.எல்.எஸ்.டி. என்று இதைச் சொல்வார்கள். சுவர் மூலை, ஜன்னல் சட்டம், வாசல்படி, பரணின் விளிம்பு எல்லாமே நேர்க்கோடுகள் என்பதால் கட்டடம் அப்படியே பிடிபட்டுவிடும். மெத்தை, திரைச்சீலை, செடி போன்ற வளைவான சாமான்கள் இந்தக் கோட்டுப் படத்தில் சிக்காது. அதனால் அவை விருப்பம் போல மாறும், சில சமயம் இடமும் மாறும். மற்றொன்று, ஆழப் படம். எது அருகில் இருக்கிறது, எது தூரத்தில் இருக்கிறது என்பதை வெளுப்பும் கருப்புமாகக் காட்டும் படம் இது. இதைக் கொடுத்தால் சோபா இருந்த இடத்தில் சோபா அளவுள்ள ஒரு பொருள் கட்டாயம் இருக்கும்.

எது வேண்டும் என்பது நம் தேவையைப் பொறுத்தது. சாமான்களை வேறு விதமாகப் போட்டுப் பார்க்கலாமா என்ற யோசனையில் இருப்பவருக்கு நேர்க்கோட்டு முறை போதும். சோபா இதே இடத்தில்தான் இருக்கும், வேறு சோபாவாக இருக்கும் என்று முடிவு செய்தவருக்கு ஆழப் படம்தான் சரி. நம்முடைய ஹால் இரண்டாவது வகை.

இந்த ஏற்பாட்டில் எழுத்தின் வேலை குறைந்துவிடுகிறது. ‘இடப்பக்கம் சோபா, எதிரே ஜன்னல்’ என்று எழுதி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம், அது வரைபடத்தில் ஏற்கெனவே இருக்கிறது. சொற்களைப் பொருளுக்கும் நிறத்துக்கும் வெளிச்சத்துக்கும் செலவிட வேண்டும். சிக்கனமும் அவசியம். தொடக்க கால ஸ்டேபிள் டிஃப்யூஷனில் சொற்களைப் படிக்கும் பகுதி ஒரு தடவைக்கு 77 துண்டுகளைத்தான் எடுத்துக்கொள்ளும். ஓர் ஆங்கிலச் சொல் சுமார் ஒரு துண்டு, நீளமான சொல் இரண்டு மூன்று. பத்தி பத்தியாக எழுதினால் கடைசியில் எழுதியது போய்ச் சேராமலே போகலாம்.

எழுதும்போது பலரும் முதலில் தேடுவது பாணிப் பெயரைத்தான். ‘ஸ்காண்டிநேவியன்’, ‘செட்டிநாடு’, ‘மினிமலிஸ்ட்’. பாணிப் பெயர் தனியாக வருவதில்லை, ஒரு முழு வீட்டையே இழுத்துக்கொண்டு வரும். ஸ்காண்டிநேவியன் என்றால் வெளிர்மரத் தரையும் பெரிய கண்ணாடி ஜன்னலும் சேர்ந்து வரும். செட்டிநாடு என்றால் தூண்களும் முற்றமும் எட்டிப் பார்க்கும். கருவி கோடிக்கணக்கான படங்களையும் அவற்றோடு இணையத்தில் இருந்த குறிப்புகளையும் பார்த்துப் பழகியது. அந்தப் பெயரோடு எந்தப் படங்கள் வந்தனவோ, அந்தப் படங்களின் மொத்த ஜாடையும் அதற்குள் சேர்ந்திருக்கிறது. அந்தக் குறிப்புகளில் பெரும்பகுதி ஆங்கிலம் என்பதால் நம் வீட்டுச் சாமான்களின் பெயர்கள் அதற்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. ஊஞ்சல் என்றால் பூங்காவில் பிள்ளைகள் ஆடும் ஊஞ்சல் வந்து நிற்கும். ‘கூரையிலிருந்து நான்கு பித்தளைச் சங்கிலிகளில் தொங்கும் அகலமான தேக்குப் பலகை’ என்று எழுதினால் வேண்டியது வரும்.

ஆகவே பாணியின் பெயரைச் சொல்வதைவிட அதன் பொருள்களைச் சொல்வது நல்லது. எதனால் செய்தது, என்ன நிறம், மேற்பரப்பு பளபளப்பா மங்கலா என்ற மூன்றும் ஒவ்வொரு சாமானுக்கும் தெரிந்திருந்தால் போதும்.

வேண்டாததைச் சொல்வதிலும் ஒரு கவனம் தேவை. இந்த வகைக் கருவிகளில் ‘கொத்து விளக்கு வேண்டாம்’ என்று விவரிப்புக்குள் எழுதினால், ‘வேண்டாம்’ சரியாக எடுபடாமல் கொத்து விளக்கு மட்டும் மனதில் பதிந்து அதையே தொங்கவிடும். வேண்டாதவற்றுக்கென்று `Negative prompt` என்ற தனிப் பெட்டி இருக்கிறது. கொத்து விளக்கு, மரத்தரை, பெரிய கண்ணாடி ஜன்னல் ஆகியவற்றை அங்கே எழுத வேண்டும். விவரிப்பில் ‘வெள்ளை சீலிங் ஃபேன்’ என்று இருப்பதைச் சொல்ல வேண்டும்.

நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஒழுகுவது இன்னொரு தொல்லை. பச்சைச் சுவர், மஞ்சள் குஷன், நீலத் திரை என்று ஒரே மூச்சில் எழுதினால் குஷனில் பச்சை வரும், திரையில் மஞ்சள் வரும். எந்த நிறம் எந்தப் பொருளுக்கு என்பதைக் கருவி அடிக்கடி மாற்றிப் போட்டுவிடுகிறது. ஒரு தடவைக்கு இரண்டு மூன்று நிறங்களோடு நிறுத்துவதும், ஒவ்வொரு நிறத்தையும் அதன் பொருளுக்குப் பக்கத்திலேயே வைப்பதும் இதைக் குறைக்கும்.

திருகுகளைத் தொடாமல், பேசுவது போல எழுதியே மாற்றச் சொல்லும் கருவிகள் இன்று பரவலாகிவிட்டன. 2022 நவம்பரில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட இன்ஸ்ட்ரக்ட்பிக்ஸ்டுபிக்ஸ் இந்த வழியைத் தொடங்கிவைத்தவற்றுள் ஒன்று. ‘முன் படம், கட்டளை, பின் படம்’ என்று லட்சக்கணக்கான தொகுப்புகளைக் காட்டி அதைப் பழக்கினார்கள். 2025இல் சாட்ஜிபிடியிலும் கூகுளின் ஜெமினியிலும் வந்த படத்திருத்த வசதிகள் இதே தேவைக்குப் பயன்படுகின்றன. தமிழில் எழுதினாலும் புரிந்துகொள்கின்றன.

இவற்றில் சாதாரணப் பயனர் கையில் வரைபடம் கிடையாது, சொல் மட்டும்தான். ஆகவே எழுதும் முறை தலைகீழாகிறது. மாற வேண்டியதைவிட மாறக்கூடாததை விளக்கமாகச் சொல்ல வேண்டும். நம் ஹாலுக்கு இப்படி எழுதலாம்:

```
இந்தப் படத்தைத் திருத்து. கேமரா கோணம், அறையின் அளவு,
எதிர்ச்சுவரின் கம்பி ஜன்னல், வலப்பக்கக் கோடியில் உள்ள வாசல்,
அதன் மேலுள்ள பரண், சீலிங் ஃபேன், 2 அடி வெள்ளை டைல்ஸ் தரை
எல்லாம் இருக்கும் இடத்தில் இருக்கும் அளவில் அப்படியே இருக்கட்டும்.
மூன்றை மட்டும் மாற்று:
1. இடப்பக்க சோபா: அதே இடம், அதே நீளம். பிரம்புச் சட்டம்,
   வெள்ளைப் பருத்தி குஷன்.
2. டிவி ஸ்டாண்டு: அதே இடம். தேக்கு நிறம், பளபளப்பு இல்லாமல்.
3. சுவர்: வெளிறிய பச்சை, மங்கலான பூச்சு.
புதிதாக எதையும் சேர்க்காதே.
```

இதில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு காரணம் இருக்கிறது. ஜன்னலை ‘ஜன்னல்’ என்று விட்டுவிடாமல் ‘கம்பி ஜன்னல்’ என்றது, கருவி பார்த்துப் பழகிய அலங்கார அறைகள் பலவற்றில் கம்பி இல்லாததால். பரணைச் சொன்னது, அது என்னவென்று தெரியாமல் கருவி அதை அலமாரியாகவோ ஏசியாகவோ மாற்றிவிடக்கூடும் என்பதால். கடைசி வரி இல்லாவிட்டால் செடியும் கம்பளமும் சுவர்ப்படமும் அழையாமலே வந்துவிடும்.

டைல்ஸை மாற்ற வேண்டாம் என்றதுதான் இந்த விவரிப்பில் மிகவும் பயனுள்ள வரி. டைல்ஸின் இணைப்புக் கோடுகள் அறையின் ஆழத்தைக் கருவிக்குக் காட்டிக்கொண்டே இருக்கின்றன. அவை போய்விட்டால் அறை நீள்வதும் அகல்வதும் சுலபம். நமக்கும் அவை அளவுகோலாகும். 10 அடி அகலத்தில் 2 அடி டைல்ஸ் என்றால் குறுக்கே ஐந்து. மூலப்படத்தில் சோபாவின் கீழ் விளிம்புக்கும் டிவி ஸ்டாண்டுக்கும் இடையில் இரண்டரை டைல்ஸ் தெரிந்தால், அங்கே 5 அடி இடைவெளி இருக்கிறது. புதுப் படத்திலும் இரண்டரை எண்ண முடிந்தால் அமைப்பு தப்பித்தது. மூன்றரை வந்தால், படத்தில் தாராளமாகத் தெரியும் நடைபாதை வீட்டில் இருக்காது. தரையையும் மாற்ற ஆசை இருந்தால், மற்றவை சரியாக வந்த பிறகு கடைசியில் மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொரு சோதனையும் உண்டு. இரண்டு படங்களையும் கைபேசியில் அடுத்தடுத்து வைத்து, விரலால் முன்னும் பின்னுமாக வேகமாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். அசையாத இடங்கள் அசையாமல் நிற்கும். நகர்ந்த ஜன்னல் துள்ளும். தனித்தனியாகப் பார்க்கும்போது கண்ணுக்குப் படாத அரை அங்குல விலகல்கூட இதில் பிடிபடும்.

நம் ஹாலில் இதெல்லாம் செய்த பிறகும் இரண்டு குறைகள் வர வாய்ப்பு அதிகம்.

முதலாவது, பிரம்பு சோபா கனமாக வருவது. ஆழப் படம் பழைய ரெக்சின் சோபாவின் உப்பிய கைப்பிடிகளை அப்படியே பதிவு செய்திருக்கிறது. அந்தப் பருமனுக்குள் பிரம்பை அடைக்கச் சொன்னால், பிரம்பு நிறத்தில் ஒரு மூட்டை வந்து உட்காரும். இதற்கு மருந்து கட்டுப்பாட்டைப் பாதியில் விடுவது. இரைச்சல் நீக்கும் படிகளில் முதல் பகுதி எது எங்கே என்பதைத் தீர்மானிக்கிறது, பின்பகுதி நுணுக்கங்களை நிரப்புகிறது. எனவே `Ending Control Step` என்ற அளவை 1லிருந்து 0.6க்குக் குறைத்தால், சோபாவின் இடம் உறுதியான பிறகு கடைசி நாற்பது சதவீதப் படிகளில் கருவிக்குக் கை கட்டு அவிழ்கிறது. கைப்பிடி மெலிந்து, பின்னலின் இடைவெளி தெரியத் தொடங்கும். பேசும் வகைக் கருவி என்றால், ‘கைப்பிடி மெலிந்த பிரம்பு, பின்னலின் வழியே பின்சுவர் தெரிய வேண்டும்’ என்று சேர்த்து எழுதுவதுதான் வழி.

இரண்டாவது, ஜன்னல் கம்பியும் சுவிட்ச் பலகையும் நெளிந்து போவது. இதற்கான காரணம் சொற்களில் இல்லை. ஸ்டேபிள் டிஃப்யூஷன் படத்தை நேரடியாகக் கையாளுவதில்லை. அதை எட்டில் ஒரு பங்காகச் சுருக்கி, அந்தச் சுருக்கத்தில்தான் வேலை செய்கிறது. 512 புள்ளி அகலப் படம் அதற்கு 64 கட்டம் மட்டுமே. ஒரு கம்பியின் தடிமன் ஒரு கட்டத்தைவிடச் சிறியதாக இருந்தால், இரண்டு கம்பிகள் ஒட்டிக்கொள்ளும் அல்லது ஒன்று மறைந்துவிடும். பெரிய அளவில் படத்தை உருவாக்கினால் ஓரளவு சரியாகும். அதைவிட நிச்சயமான வழி, மாற வேண்டிய இடத்தை மட்டும் தூரிகையால் பூசிக் காட்டுவது. சுவரையும் சோபாவையும் பூசி, மற்றதைத் தொடாதே என்றால், ஜன்னல் பகுதியில் பழைய படமே நிற்கும். ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. நிஜத்தில் சுவர் பச்சையானால் அதன் சாயல் வெள்ளைத் தரையிலும் கூரையிலும் லேசாகப் படியும். பூசிய இடம் மட்டும் மாறும்போது அந்தச் சாயல் வராது, சுவர் ஒட்டுப்போட்டது போலத் தோன்றும்.

பேசும் வகைக் கருவிகளில் பலரும் விழும் குழி வேறு. முதல் படம் வந்ததும் ‘இப்போது குஷனை மாற்று’, ‘இப்போது திரையை மாற்று’ என்று வந்த படத்தின்மேலேயே அடுக்கிக்கொண்டு போவார்கள். ஒவ்வொரு முறையும் கருவி முழுப் படத்தையும் திரும்ப வரைகிறது. ஒவ்வொரு முறையும் ஓரங்கள் சற்று நகரும், நிறம் சற்று ஏறும். நாலைந்து சுற்றுக்குப் பிறகு அறை அடையாளம் தெரியாமல் போய்விடும். எந்தத் திருத்தத்தையும் விவரிப்பில் சேர்த்து எழுதி, மூலப்படத்திலிருந்தே மறுபடி தொடங்குவதுதான் பாதுகாப்பு.

எல்லாவற்றுக்கும் அடிப்படை அந்த மூலப்படம். அறை முழுவதும் வர வேண்டும் என்று கைபேசியின் `0.5x` அகலக் கோணத்தில் எடுத்தால், ஓரங்கள் நீண்டு இழுபடும். அந்த இழுப்பைக் கருவி உண்மையான அமைப்பு என்று எடுத்துக்கொள்ளும். `1x`இல், முடிந்தவரை பின்னால் போய், மார்பு உயரத்தில் கைபேசியை நிமிர்த்திப் பிடித்து, சுவர் மூலைகள் செங்குத்தாகத் தெரியும்படி எடுப்பது நல்லது. பகல் வெளிச்சம் வேண்டும், ஆனால் ஜன்னல் வெள்ளையாக வெளுத்துப் போகக் கூடாது. வெளுத்துப் போன ஜன்னலில் கம்பிகள் இருந்ததே கருவிக்குத் தெரியாது. கொடியில் துணியும் தரையில் பொம்மையும் கிடந்தால் அவற்றையும் சாமானாக நினைத்து ஏதாவது செய்து வைக்கும். படத்தை ஏற்றுவது வேறொருவருடைய கணினிக்கு என்பதால், சுவரில் மாட்டிய குடும்பப் படங்களையும் மேசையில் கிடக்கும் கடிதங்களையும் எடுத்து வைத்துவிடுவது உத்தமம். செயலி சதுரப் படம் மட்டும் தருமானால், நாமே முதலில் சதுரமாக வெட்டிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அது தன் இஷ்டத்துக்கு ஓரங்களை வெட்டும், அல்லது இல்லாத இடத்தை வரைந்து நிரப்பும்.

இவ்வளவும் சரியாக அமைந்து, டைல்ஸ் எண்ணிக்கையும் பொருந்தி வந்த படத்தை எதற்குப் பயன்படுத்தலாம்? பச்சைச் சுவருக்கு முன்னால் பிரம்பு பொருந்துகிறதா, தேக்கு நிறம் அறையை இருட்டாக்குகிறதா என்ற கேள்விகளுக்கு அது நல்ல பதில் தரும். தச்சரிடம் காட்டினால் பின்னலும் பலகை நிறமும் புரியும். ஆனால் படத்தில் உள்ள சோபா எந்தக் கடையிலும் இல்லாத சோபா. அதன் நீளத்தைக் கருவி அடிக்கணக்கில் அறியாது. வீட்டில் டேப் வைத்து அளந்த நீளம், அகலம், உட்காரும் உயரம் ஆகியவற்றைத் தனியாக எழுதித் தர வேண்டும். பெயிண்ட் கடையில் படத்தைக் காட்டி நிறம் கேட்பதும் சரிப்படாது, கைபேசித் திரைக்குத் திரை பச்சை வேறுபடும். படத்தோடு ஒத்துவரும் இரண்டு மூன்று நிறங்களை நிற அட்டையில் குறித்துக்கொண்டு, சிறிய டப்பா வாங்கி, ஜன்னலை ஒட்டிய இடத்தில் ஒன்றும் சோபாவுக்குப் பின்னால் ஒன்றுமாக இரண்டடிச் சதுரம் பூசி, பகலிலும் இரவில் டியூப் லைட்டிலும் பார்த்த பிறகு முழு ஆர்டர் கொடுக்கலாம்.